அகலமான மேடும் ஒல்லியான கூர்முனையும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு மாதமாக முதுகுவலி, அசதி. ஹீமோகுளோபின் 10.4. டாக்டர் எழுதிக்கொடுத்து சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரிசிஸ் எடுத்தோம். மொத்தப் புரதம் 8.3, காமா 2.32 என்று வந்திருக்கிறது. கீழே ‘காமா பகுதியில் எம் பேண்ட், 1.6 கிராம், இம்யூனோஃபிக்சேஷன் செய்யவும்’ என்று எழுதி, ரத்தப் புற்றுநோய் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். போன வருடம் என் சித்திக்கு முடக்குவாதத்துக்காக இதே டெஸ்ட் எடுத்தபோது காமா 2.7 இருந்தது. அவருக்கு ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றார்கள். அதிகமாக இருப்பவருக்கு ஒன்றுமில்லை, குறைவாக இருப்பவருக்குப் புற்றுநோய் டாக்டரா? லேபில் தப்பு நடந்திருக்குமோ? இரண்டு பேரின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். இதை எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

இரண்டு படங்களையும் அனுப்பியது நல்லதாயிற்று. எண்களை மட்டும் எழுதியிருந்தால் என்னால் பாதி பதில்தான் சொல்லியிருக்க முடியும். இந்தச் சோதனையில் காமா எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த வடிவத்தில் நிற்கிறது என்பதுதான் பெரிய செய்தி. சித்தியின் படத்தில் இருப்பது அகலமான மேடு. அம்மாவின் படத்தில் இருப்பது ஒல்லியான கூர்முனை. லேபில் எழுதிய குறிப்பு சரியானது. அந்தப் படம் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன். படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். அதில் துளியளவு எடுத்து, காரத்தன்மையுள்ள கரைசலில் ஊறிய ஜெல் தகட்டின் ஒரு ஓரத்தில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். புரதங்கள் அவற்றின் மின்னூட்டத்துக்கு ஏற்றபடி நகரும். சில வேகமாகப் போகும், சில பின்தங்கும். கொஞ்ச நேரத்தில் நிறுத்திச் சாயம் ஏற்றினால் தகட்டில் பட்டை பட்டையாகத் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு சாயம் பிடித்திருக்கிறது என்பதை ஒரு கருவி அளந்து கோடாக வரைகிறது. அந்தக் கோடுதான் உங்கள் கையிலிருக்கும் மலைத்தொடர் போன்ற படம். பெரிய லேப்களில் ஜெல்லுக்குப் பதிலாக முடியளவு மெல்லிய கண்ணாடிக் குழாயில் புரதங்களை ஓடவிட்டு, புற ஊதாக் கதிரால் அளக்கிறார்கள். உங்கள் அம்மாவின் படம் அந்த முறையில் எடுத்தது. பீட்டா இரண்டாகப் பிரிந்து தெரிவதை வைத்துச் சொல்கிறேன்.

படத்தின் இடது ஓரத்தில் ஈட்டி போல உயர்ந்து நிற்பது அல்புமின். அதை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள். இவ்வளவு உயரமாக இருந்தும் அடி எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது! காரணம், அல்புமின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் எல்லாம் ஒரே தூரம் ஓடி ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. ஒரே வகைப் புரதம் இந்தப் படத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு அல்புமினே அளவுகோல். படத்துக்குப் படம் அச்சிடும் அளவு மாறும் என்பதால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்தப் படத்தின் அல்புமினோடுதான் மற்றதை ஒப்பிட வேண்டும்.

அடுத்து வரும் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2 இரண்டும் சின்னச் சின்ன மேடுகள். காய்ச்சல், வீக்கம் இருந்தால் உயரும். அம்மாவுக்கு இரண்டும் இயல்பான அளவில் இருப்பதால் அங்கே நிற்க வேண்டியதில்லை. பீட்டாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. குழாய் முறையில் எடுத்த படங்களில் பீட்டா இரண்டு சிறு முனைகளாகப் பிரிந்து தெரியும். முதல் முனை இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின். அதுவும் ஒரே வகைப் புரதம், ஆகவே ஒல்லியாகத்தான் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘இங்கேயும் கூர்முனை இருக்கிறதே’ என்று பதறி வருகிறவர்கள் உண்டு. அது எல்லோருக்கும் இருப்பது.

கடைசியில், வலது ஓரத்தில் வருவது காமா. நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. அம்மை, சளி, டைபாய்டு, தடுப்பூசி என்று வாழ்நாள் முழுக்கச் சந்தித்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எதிர்ப்புப் புரதத்தை உடம்பு செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் செய்வது பிளாஸ்மா செல்களின் ஒரு தனிக் குடும்பம். ஒரு குடும்பம் செய்யும் புரதத்தின் மின்னூட்டம் இன்னொரு குடும்பம் செய்வதிலிருந்து இம்மியளவு வேறுபடும். ஆகவே மின்சாரத்தில் ஓடும்போது ஒன்று இங்கே, ஒன்று சற்றுத் தள்ளி என்று பரவி நிற்கின்றன. முற்றத்தில் நெல்லைத் தூவினால் பரவிக் கிடப்பது போல, இயல்பான காமா தாழ்ந்து அகன்ற மேடாகத் தெரிவது இதனால்தான்.

முடக்குவாதம் உள்ள சித்தியின் உடம்பில் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் தூண்டப்படுகிறது. எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து கூடுதலாகப் புரதம் செய்கின்றன. தூவிய நெல்லின் மேலேயே இன்னும் இரண்டு மூட்டை தூவியது போல, மேடு உயர்கிறது, ஆனால் அதன் அகலம் அப்படியே இருக்கிறது. உச்சி மழுங்கி, இரு பக்கமும் மெதுவாகச் சரிகிறது. காசநோய், நாள்பட்ட கல்லீரல் நோய், எச்.ஐ.வி போன்றவற்றிலும் இதே வடிவம்தான் வரும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்கூடத் தூர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இவற்றில் கவனிக்க வேண்டியது அந்தந்த நோயை. காமா உயர்ந்தது அந்த நோயின் நிழல் மட்டுமே. சித்தியின் டாக்டர் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொன்னது இந்தப் பொருளில்தான்.

இப்போது அம்மாவின் காமாவைப் பாருங்கள். மேட்டின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் ஒரு முனை செங்குத்தாக எழுந்து, அதே வேகத்தில் இறங்குகிறது. ஒரு ஸ்கேலை வைத்து, அந்த முனையின் பாதி உயரத்தில் அகலம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அல்புமினின் பாதி உயரத்திலும் அதே போல அளங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நான் அளந்தபோது அம்மாவின் முனை அல்புமினைவிடச் சற்று ஒல்லியாகவே இருந்தது. அப்படியென்றால் அங்கே நிற்பதும் ஒரே அச்சில் வார்த்த புரதம். ஏதோ ஒரு பிளாஸ்மா செல் குடும்பம் மட்டும் தன்னிஷ்டத்துக்குப் பெருகி, தன் ஒற்றைப் புரதத்தை மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது. தூவிய நெல் அல்ல இது, ஒரே இடத்தில் கொட்டிய அம்பாரம். பல குடும்பங்களின் பெருக்கம் வேறு, ஒற்றைக் குடும்பத்தின் பெருக்கம் வேறு என்று 1961-ல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம். மொத்த அளவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை வடிவத்தைப் பார்க்கவைத்தது அந்தப் பிரிவினை. ஒற்றைக் குடும்பத்துப் புரதம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான் எம் பேண்ட் என்பதில் உள்ள ‘எம்’.

முனையைப் பார்த்த கண் அதோடு நின்றுவிடக் கூடாது. அதன் இரு பக்கமும் உள்ள தரையையும் பார்க்க வேண்டும். நான் கையெழுத்திடும் முன் எப்போதும் பார்ப்பது இதை. அம்மாவின் காமா மொத்தம் 2.32. அதில் முனை மட்டும் 1.6. கழித்தால் மிச்சம் 0.72. மற்ற எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து செய்யும் இயல்பான எதிர்ப்புப் புரதம் அவ்வளவுதான். பெரும்பாலான லேப்களில் காமாவின் இயல்பு எல்லை ஏறத்தாழ 0.7-லிருந்து 1.6 வரை. அதாவது, பெருகிய குடும்பத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் அம்மாவின் காமா எல்லையின் அடிமட்டத்தில் இருக்கிறது. படத்திலும் முனைக்கு வலப்பக்கம் கோடு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டு ஓடுவதைப் பார்க்கலாம். சித்தியின் படத்தில் அதே இடத்தில் தரையே தெரியாது, முழுக்க மேடு. இதுதான் உங்கள் கேள்விக்கு நேர் பதில். சித்தியின் 2.7-ஐ ஆயிரக்கணக்கானவர்கள் பங்குபோட்டுச் செய்திருக்கிறார்கள். அம்மாவின் 2.32-ல் பெரும்பங்கை ஒருவரே செய்திருக்கிறார்.

இந்த 1.6 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவி தானாக இதைக் கண்டுபிடித்து எழுதுவதில்லை. திரையில் முனையின் இரு பக்கமும் கோடு போட்டு, ‘இதற்குள் இருப்பதுதான் எம் பேண்ட்’ என்று ஒரு ஆள் குறிக்கிறார். சிலர் முனையின் இரு ஓரத்திலிருந்தும் அடிவரை நேராகக் கோடு இறக்குவார்கள். அப்போது முனைக்கு அடியில் கிடக்கும் இயல்பான புரதமும் கணக்கில் சேரும். சிலர் மேட்டின் சரிவை ஒட்டிச் சாய்வாகக் கோடு போட்டு, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுப்பார்கள். எண் குறையும். இரண்டும் ஏற்கத்தக்க முறைகளே. ஆனால் இந்த மாதம் ஒரு லேபிலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு லேபிலும் எடுத்தால், உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாமலே 1.6 என்பது 1.3 ஆகலாம், 1.9-ம் ஆகலாம். அதைப் பார்த்து மகிழ்வதும் அழுவதும் வீண். 0.1, 0.2 ஏறி இறங்குவது ஒரே லேபிலும் நடக்கும். 0.5 கிராம் ஏறினால்தான் டாக்டர்கள் அதை உண்மையான ஏற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

லேபில் தப்பு நடந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கூர்முனை போலத் தெரிந்து ஏமாற்றுபவை உண்டு. நானே ஏமாந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் படம் வந்தது. பீட்டாவும் காமாவும் சேரும் இடத்தில் தெளிவான ஒல்லி முனை. எம் பேண்ட் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர், அதற்காக ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ரத்தம் சரியாக உறையாவிட்டால் உறைதலுக்கான புரதமான ஃபைப்ரினோஜன் சீரத்திலேயே தங்கிவிடும். அதுவும் ஒரே வகைப் புரதம், அது போய் நிற்பது பீட்டா–காமா சந்திப்பில். டயாலிசிஸ் இல்லாத நாளில் மறுபடி ரத்தம் எடுத்து, நன்றாக உறையவிட்டுப் பார்த்தபோது அந்த முனை இல்லை. இடைப்பட்ட பத்து நாள் அந்தக் குடும்பம் பட்ட பாடு என் அவசரத்தால் வந்தது. அன்றிலிருந்து அந்தச் சந்திப்பில் முனை தெரிந்தால், என்ன டியூபில் எடுத்தார்கள், என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்காமல் எழுதுவதில்லை.

இன்னும் சில உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் ஆல்ஃபா 2-க்கும் பீட்டாவுக்கும் இடையில் போலி மேடு எழும். சீரம் சிவந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு டிரான்ஸ்ஃபெரின் கூடி பீட்டாவின் முதல் முனை நீளும். குழாய் முறையில் இன்னொரு சிக்கல். ஸ்கேனுக்காக நரம்பில் செலுத்தும் அயோடின் கலந்த சாய மருந்து புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், புரதமே இல்லாத இடத்தில் முனை எழும். அதுவும் பெரும்பாலும் ஆல்ஃபா 2, பீட்டா பக்கத்தில்தான். இவற்றின் இடங்களையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அம்மாவின் படத்தைப் பாருங்கள். அவருடைய முனை பீட்டாவையும் சந்திப்பையும் தாண்டி, காமாவின் நடுவுக்கு அப்பால் நிற்கிறது. இந்தப் போலிகள் எதுவும் அங்கே வந்து நிற்பதில்லை. ஆகவே லேபின் தப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இருந்தாலும் அதை உறுதி செய்யத்தான் இம்யூனோஃபிக்சேஷன் கேட்டிருக்கிறார்கள். அதே சீரத்தை ஜெல் தகட்டில் ஆறு பாதைகளில் ஓடவிடுவார்கள். முதல் பாதையில் எல்லாப் புரதமும் தெரியும். மற்ற ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து: இம்யூனோகுளோபுலின் ஜி, ஏ, எம் ஆகிய மூன்றுக்கு மூன்று, எதிர்ப்புப் புரதத்தின் சின்னத் துண்டுகளான கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு லைட் செயின்களுக்கு இரண்டு. எந்தப் பாதையில் மருந்துக்கு உரிய புரதம் இருக்கிறதோ அங்கே அது பிடித்து நிற்கும், மற்றது கழுவிப் போய்விடும். அம்மாவுடையது உண்மையான எம் பேண்ட் என்றால் ஜி, ஏ, எம் மூன்றில் ஒன்றிலும், கப்பா, லாம்ப்டா இரண்டில் ஒன்றிலும், ஒரே மட்டத்தில் கத்தியால் கீறியது போலக் கோடு விழும். முனை நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஜி வகையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சித்தியின் சீரத்தை இதே சோதனைக்கு விட்டால் கப்பா, லாம்ப்டா இரண்டிலுமே கோடில்லாமல் தீற்றினாற்போல் பரவலான கறைதான் தெரியும்.

இதனுடன் சீரம் ஃப்ரீ லைட் செயின் என்ற ரத்தச் சோதனையையும் கேட்பார்கள். தவிர்க்காதீர்கள். சில நோயாளிகளில் பெருகிய குடும்பம் முழுப் புரதத்தைச் செய்யாமல் அதன் சின்னத் துண்டான லைட் செயினை மட்டும் செய்யும். அது சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுவதால் இந்தப் படத்தில் முனையே தெரியாது. காமா தட்டையாகக் கிடப்பது மட்டுமே தடயம். மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எலக்ட்ரோபோரிசிஸ் படம் மட்டும் பார்த்தால் நோய் தப்பிவிடும். இம்யூனோஃபிக்சேஷனும் ஃப்ரீ லைட் செயினும் சேர்த்துப் பார்த்தால் தப்புவது மிகச் சிலரே. ஏ வகைப் புரதமும் இப்படி ஏமாற்றும். அது பீட்டாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். யாருக்காவது முனை இல்லை, ஆனால் காரணமில்லாத ரத்தசோகையும் எலும்புவலியும் இருக்கிறது என்றால், இந்தப் படத்தை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

சரி, முனை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புற்றுநோயா? இங்கே நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மக்களிடம் சோதித்தபோது, 50 வயது தாண்டியவர்களில் 100-க்கு 3 பேருக்கு இப்படி ஒரு முனை இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்த நிலைக்கு எம்ஜிஅஸ் என்று பெயர். முனை 3 கிராமுக்குக் குறைவு, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் குறைவு, உறுப்புகளுக்குச் சேதம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். இது மைலோமாவாகவோ அதன் உறவுக்கார நோயாகவோ மாறுவது வருடத்துக்கு 100-ல் ஒருவருக்கு என்ற கணக்கில். சிகிச்சை கிடையாது, கண்காணிப்பு மட்டும்.

அம்மாவின் முனை 1.6, அதாவது 3-க்கு நன்றாகக் கீழே. ஆனால் அதை வைத்து மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1.5-க்குக் கீழே, ஜி வகை, லைட் செயின் விகிதம் சரி, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றால் பல டாக்டர்கள் மஜ்ஜைச் சோதனைகூட இல்லாமல் காத்திருந்து பார்ப்பார்கள். அம்மா அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியிருக்கிறார். அதைவிட முக்கியம், அவருக்கு முதுகுவலி இருக்கிறது, ஹீமோகுளோபின் 10.4 இருக்கிறது. மைலோமாவின் சேதங்களாக டாக்டர்கள் தேடுவது நான்கை: ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சிறுநீரகம் பழுதாவது, ரத்தசோகை, எலும்பு அரிப்பு. ரத்தசோகை கணக்கில் சேர ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்க வேண்டும், அல்லது இயல்பின் அடி எல்லையிலிருந்து 2 கிராமுக்கு மேல் குறைய வேண்டும். அம்மா அந்த வாசற்படியில் நிற்கிறார். நம் ஊரில் இந்த வயதுப் பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவால் 10.4 இருப்பது சாதாரணம்தான். அம்மாவின் பீட்டா உயராததை வைத்து இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே ஃபெரிட்டின், பி12 இரண்டையும் பார்த்து, சோகைக்கு வேறு காரணம் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கால்சியம், கிரியாட்டினின் இரண்டும் சாதாரண ரத்தச் சோதனைகள். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். வழக்கமாகச் சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனை அல்புமினைத்தான் காட்டும், லைட் செயினைக் காட்டாது. அதில் ‘புரதம் இல்லை’ என்று வந்திருந்தால் அதை நம்ப வேண்டாம்.

முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து ‘தேய்மானம்தான்’ என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். எலும்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். அதனால் இப்போது உடம்பு முழுவதற்கும் குறைந்த கதிர்வீச்சில் சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் ஒன்றும் மஜ்ஜைச் சோதனையும் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். ரத்தப் புற்றுநோய் டாக்டரிடம் போகச் சொன்னது இவற்றைச் செய்வதற்காக. நோய் முடிவாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

அந்த டாக்டரைப் பார்க்கும்வரை சில விஷயங்களில் கவனமாக இருங்கள். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகளை அம்மா போட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, வலிக்கு என்ன போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். லைட் செயின் கூடுதலாக ஓடும் சிறுநீரகத்தை இந்த மாத்திரைகள் வேகமாகக் கெடுக்கும். தேய்மானம் என்று கால்சியம், வைட்டமின் டி கொடுத்திருந்தால், ரத்தக் கால்சியம் அளந்து பார்க்கும்வரை தொடரலாமா என்பதையும் கேளுங்கள். சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் ‘அம்மாவுக்கு எம் பேண்ட் இருக்கிறது’ என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். கால்கள் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் இறங்காமல் தவிப்பது, அல்லது தாகமும் மலச்சிக்கலும் சேர்ந்து பேச்சு குழம்புவது என்று எதுவானாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதும் கால்சியம் ஏறுவதும் அப்படித்தான் தொடங்கும்.

போகும்போது எண்கள் உள்ள பக்கத்தோடு வரைபடம் உள்ள பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பல வீடுகளில் அதைப் ‘படம்தானே’ என்று விட்டுவிட்டு வருவார்கள். இம்யூனோஃபிக்சேஷனை முடிந்தவரை அதே லேபிலேயே கொடுங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, முனை நின்ற அதே இடத்தில் கோடு விழுகிறதா என்று அவர்களால் பார்க்க முடியும். ஃப்ரீ லைட் செயின் ரிப்போர்ட் வந்ததும் கப்பா, லாம்ப்டா இரண்டின் அளவையும் விகிதத்தையும், கூடவே கிரியாட்டினினையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பரவலாகப் பயன்படும் சோதனையில் விகிதம் 0.26-லிருந்து 1.65 வரை இயல்பு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் 3.1 வரைகூட இயல்பாகவே எடுத்துக்கொள்வோம். அதனால் கிரியாட்டினின் தெரியாமல் அந்த விகிதத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.